தேன்கூடும் தேய்கண்ணாடியும்: நுரையீரல் தழும்பு நோயில் எச்.ஆர்.சி.டி. படத்தைப் படிக்கும் முறை

நுரையீரலில் தழும்பு விழும் நோய் இருக்கலாம் என்ற ஐயத்தில் எடுக்கப்படும், நுரையீரலை மெல்லிய துண்டுகளாக நுணுக்கமாகக் காட்டும் எச்.ஆர்.சி.டி. என்ற சி.டி. படத்தின் அறிக்கையில் இரண்டு சொற்கள் அடிக்கடி இடம்பெறும். ஒன்று ‘ஹனிகோம்பிங்’ எனப்படும் தேன்கூட்டு மாற்றம். மற்றொன்று ‘கிரவுண்ட் கிளாஸ்’ எனப்படும் தேய்கண்ணாடி மங்கல். படம் படிக்கத் தொடங்கும் மாணவர்களிடம் இவை பற்றி ஒரு வாய்பாடு வழங்கிவருகிறது: தேன்கூடு என்றால் ஆறாத தழும்பு, மங்கல் என்றால் மருந்துக்குக் கரையும் அழற்சி. இதன் முதற்பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதி பல நோயாளிகளுக்குப் பொருந்துவதில்லை. பொருந்தாத இடத்தில் அதை நம்பிச் செயல்பட்டால் தீங்கும் விளையும்.

அந்தத் தீங்கு கற்பனையானது அன்று. காரணம் தெரியாமல் வரும் நுரையீரல் தழும்பு நோயான ஐ.பி.எஃப்.புக்கு, பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு, அசதயோபிரின், என்-அசிட்டைல்சிஸ்டைன் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. பான்தர் என்ற அமெரிக்க ஆய்வு இந்தக் கூட்டு மருந்தை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது, கூட்டு மருந்து பெற்றவர்களில் 8 பேரும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் ஒருவரும் இறந்திருந்தனர். அதனால் அந்தப் பிரிவு இடையிலேயே நிறுத்தப்பட்டு, முடிவு 2012இல் வெளியானது. தழும்பை அழற்சி என்று எண்ணி மருத்துவம் செய்வது பயனற்றது என்பதோடு நில்லாமல், உயிருக்கும் ஊறு செய்யக்கூடும் என்பது அன்று தெளிவாயிற்று. ஆகவே ஒரு மங்கலைக் கண்டதும் அது அழற்சியா, தழும்பா, அல்லது இரண்டுமே அல்லாத வேறொன்றா என்று பிரித்தறியும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே கைக்கொள்ள வேண்டும்.

மங்கல் என்பது எப்படித் தோன்றுகிறது என்று தெரிந்தால் அந்தப் பிரித்தறிதல் எளிதாகும். சி.டி. படம் மிகச் சிறிய கனசதுரங்களால் ஆனது. மார்பை 350 மி.மீ. அகலச் சட்டத்தில் 512 புள்ளிகளாகப் பிரித்து, 1 மி.மீ. தடிமனுள்ள துண்டுகளாகப் படமெடுத்தால், ஒவ்வொரு கனப்புள்ளியும் பக்கவாட்டில் ஏறத்தாழ 0.7 மி.மீ. இருக்கும். நுரையீரலின் காற்று நுண்ணறை ஒன்றின் விட்டமோ சுமார் 0.2 மி.மீ. மட்டுமே. எனவே ஒரு புள்ளிக்குள் பல நுண்ணறைகளின் காற்றும், அவற்றின் சுவர்களும், சுவரில் ஓடும் இரத்தமும் கலந்து கிடக்கின்றன; கருவி அவற்றைத் தனித்தனியே காட்டாமல், எல்லாவற்றின் சராசரி அடர்த்தியை ஒரே சாம்பல் நிறமாகக் காட்டுகிறது. காற்றின் பங்கு சற்றுக் குறைந்து மற்றவற்றின் பங்கு சற்றுக் கூடினால் அந்தச் சாம்பல் வெளிறுகிறது. அந்த வெளிறலையே தேய்கண்ணாடி மங்கல் என்கிறோம். குறைந்தது காற்று என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதன் இடத்தைப் பிடித்தது எது என்பதை அது சொல்வதில்லை.

காற்றின் பங்கு குறைவதற்கு நோய்தான் காரணமாக வேண்டும் என்பதும் இல்லை. படமெடுக்கும்போது நோயாளி மூச்சை முழுவதும் உள்ளிழுத்து நிறுத்தவில்லை என்றால் நுரையீரல் முழுதுமே வெளிறித் தெரியும். இதைக் கண்டுகொள்ள மூச்சுப் பெருங்குழலின் பின்சுவரைப் பார்க்க வேண்டும்: முழு உள்மூச்சில் அது பின்புறமாகச் சற்றுப் புடைத்திருக்கும், வெளிமூச்சில் தட்டையாகவோ முன்னோக்கி உட்குழிந்தோ இருக்கும். அதேபோல, மல்லாந்து படுத்திருப்பவரின் நுரையீரலில் முதுகுப்புற அடிப்பகுதி தன் எடையாலேயே சற்று அமுங்கி மங்கலாகும். தொடக்கநிலைத் தழும்பு நோயும் அதே இடத்தில்தான் முதலில் தோன்றும் என்பதால் இந்தக் குழப்பம் மிகவும் பொதுவானது. குப்புறப் படுக்கவைத்து அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் படமெடுத்தால், வெறும் அமுக்கமாக இருப்பது மறைந்துவிடும். நோயாக இருப்பது அங்கேயே நிற்கும். திரை அமைப்பும் கவனத்துக்குரியது. நுரையீரலுக்கு வழக்கமாக மையம் −600, அகலம் 1500 என்று ஹவுன்ஸ்ஃபீல்டு எனப்படும் அடர்த்தி அலகில் வைத்துப் பார்ப்பார்கள். அகலத்தை மிகவும் குறைத்துவிட்டால் சிறு அடர்த்தி வேறுபாடுகூடப் பெரிதாகி, இயல்பான நுரையீரலும் மங்கிய கண்ணாடிபோல் தோன்றும்.

இந்தப் பொய்த்தோற்றங்களை விலக்கிய பின் எஞ்சுவதே உண்மையான மங்கல். அதன் இலக்கணம் எளியது: நுரையீரல் வெளிறியிருக்க வேண்டும், ஆனால் அந்த வெளிறலின் ஊடாக இரத்தக் குழாய்களின் விளிம்பும் மூச்சுக்கிளைகளின் சுவரும் தெரிய வேண்டும். குளியலறை ஜன்னலின் தேய்த்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவரின் உருவம் தெரிவது போன்றது இது. குழாய்களின் விளிம்பே மறைந்துவிட்டால் அது மங்கல் அல்ல, கன்சாலிடேஷன் எனப்படும் இறுக்கம். மங்கல் இரு நுரையீரலிலும் சீராகப் பரவியிருந்தால், ஒப்பிடுவதற்கு இயல்பான இடம் இல்லாமல் போய்க் கண் ஏமாந்துவிடும். அப்போது மூச்சுக்கிளைகளுக்குள் உள்ள காற்றைப் பார்க்க வேண்டும். இயல்பான நுரையீரலில் அந்தக் காற்றுக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் கருமையில் பெரிய வேறுபாடு தெரியாது. கிளைகள் மட்டும் மை ஊற்றியதுபோல் கறுத்துத் தனித்து நின்றால், சுற்றியுள்ள நுரையீரல் வெளிறியிருக்கிறது என்று பொருள்.

இனி முதன்மையான கேள்விக்கு வருவோம். உண்மையான மங்கலுக்குள் இருப்பது என்ன? நுண்ணறைகளில் பாதியளவு நிரம்பிய நீராகவோ இரத்தமாகவோ சீழாகவோ இருக்கலாம்; நுண்ணறைச் சுவரில் குவிந்த அழற்சி அணுக்களாக இருக்கலாம்; படத்தின் நுண்மைக்கும் கீழே உள்ள மெல்லிய தழும்பாகவும் இருக்கலாம். தழும்பு இழை 0.7 மி.மீ. புள்ளியைவிட மெல்லியதாக இருக்கும்போது அது கோடாகத் தெரியாமல், தன் அண்டையில் உள்ள காற்றோடு சராசரியாகி மங்கலாகவே தெரிகிறது. நுண்ணோக்கியில் தேன்கூடாகத் தெரியும் சின்னஞ்சிறு குழிகள்கூட சி.டி. படத்தில் மங்கலாகவோ மெல்லிய வலைப்பின்னலாகவோ மட்டுமே தோன்றக்கூடும். ஆகவே நுண்ணோக்கித் தேன்கூடும் சி.டி. தேன்கூடும் ஒரே பெயரைத் தாங்கிய இரு வேறு அளவுகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மங்கலின் நிறத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இம்மூன்றையும் பிரிக்க இயலாது. பிரிப்பது அதன் துணையே. தழும்பு சுருங்கும் இயல்புடையது. சுருங்கும்போது தன்னூடே செல்லும் மூச்சுக்கிளைகளை நாற்புறமும் இழுக்கிறது. இழுபட்ட கிளை, மரக்கிளைபோல் படிப்படியாக மெலிந்து செல்வதற்குப் பதிலாக, விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லவும் மெலியாமல், நெளிந்து, ஒழுங்கின்றி விரிந்து தெரியும். இதனைத் ‘டிராக்ஷன் பிராங்கியெக்டேசிஸ்’ என்பார்கள். தமிழில் இழுவை விரிவு என்று சொல்லலாம். மங்கலுக்குள் இழுவை விரிவும் வலைப்பின்னல் கோடுகளும் இருந்தால் அந்த மங்கல் பெரும்பாலும் மெல்லிய தழும்பே. கிளைகள் இயல்பாக மெலிந்து செல்ல, கோடுகளும் இல்லாமல், மங்கல் மட்டும் தனித்திருந்தால் அழற்சி, நீர், கிருமித்தொற்று போன்ற மாறக்கூடிய காரணங்களுக்கு இடமுண்டு. இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் ஒருவர் ஐயமறக் கற்றுக்கொண்டாலே, மேலே சொன்ன வாய்பாட்டின் பெரும்பிழையிலிருந்து விடுபட்டுவிடுவார் என்பது என் எண்ணம். ஆயினும் இதுவும் மாறாத விதி அன்று. கடும் அழற்சியின்போது தற்காலிகமாக விரிந்த கிளைகள் பின்னர் இயல்புக்குத் திரும்புவதும் உண்டு. எனவே பழைய படம் கிடைக்குமானால் அதை ஒருபோதும் பார்க்காமல் விடக்கூடாது.

தேன்கூட்டு மாற்றம் இதற்கு நேர்மாறானது. இங்கே குழிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவை. தழும்பில் நுண்ணறைகள் சுருங்கி மடிந்து, அவற்றின் சுவர்கள் ஒட்டிக்கொள்ள, சிறு மூச்சுக்கிளைகளின் முனைகள் விரிந்து காற்றுக்குழிகளாக நின்றுவிடுகின்றன. அந்த இடத்தில் நுரையீரலின் இயல்பான கட்டமைப்பு மீளாதபடி அழிந்துவிட்டது. படத்தில் இதைத் தேட வேண்டிய இடம், விலா எலும்புகளை ஒட்டிய வெளி விளிம்பு, குறிப்பாக உதரவிதானத்துக்குச் சற்று மேலே உள்ள பின்புற அடிப்பகுதி. அங்கே 3 முதல் 10 மி.மீ. வரை விட்டமுள்ள, ஏறத்தாழ ஒத்த அளவுடைய, தெளிவான சுவர் கொண்ட குழிகள் கொத்தாக இருக்க வேண்டும். ஒரு குழியின் சுவரே அடுத்த குழிக்கும் சுவராக இருக்கும். அவை நுரையீரல் உறையை ஒட்டியே தொடங்கி, பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்குகளாக உள்நோக்கி அமைந்திருக்கும். ஒரே அடுக்காக இருப்பதும் உண்டு. அப்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஏனென்றால் ஒற்றை அடுக்குக் குழிகளுக்கு வேறு இரண்டு விளக்கங்கள் உண்டு. முதலாவது, புகைபிடித்தவர்களின் நுரையீரல் விளிம்பில், நுண்ணறைச் சுவர்கள் அழிந்து காற்றுக்குழிகளாக வரிசையாகத் தோன்றும் எம்ஃபிசீமா. அது பெரும்பாலும் மேல் பகுதியில் இருக்கும். குழிகள் பெரியவை, பல 1 செ.மீ.க்கும் மேலானவை, சுவர்கள் மிக மெல்லியவை, அடுக்காக அமைவதில்லை, சுற்றிலும் இழுவை விரிவோ வலைப்பின்னலோ இருப்பதில்லை. இரண்டாவது, விளிம்பு வரை வந்துவிட்ட இழுவை விரிவு. குறுக்காக வெட்டப்பட்ட குழாய் வட்டமாகத்தான் தெரியும் என்பதால், ஒரே துண்டைப் பார்க்கும்போது விரிந்த கிளைகள் தேன்கூடுபோலவே காட்சியளிக்கும். இதற்குத் தீர்வு, படத்தை மேலும் கீழுமாக நகர்த்திப் பார்ப்பது. ஒவ்வொரு வட்டத்தையும் விரலால் தொடர்வதுபோல் கண்ணால் தொடர்ந்தால், குழாயாக இருப்பது நீண்டு, கிளைவிட்டு, பெரிய மூச்சுக்கிளையோடு போய்ச் சேரும். தேன்கூட்டுக் குழி சில துண்டுகளுக்குள் மூடிக்கொள்ளும். அதே இடத்தை முன்னிருந்து பின்னாகவும் பக்கவாட்டிலும் வெட்டிப் பார்ப்பதும் பெரிதும் உதவும். மூன்றாவதாக ஒரு பொறியும் உண்டு: எம்ஃபிசீமா உள்ள நுரையீரலில் நிமோனியா வந்தால், வெளிறிய திசுவின் நடுவே பழைய குழிகள் கறுப்புப் பொத்தல்களாக எஞ்சித் தேன்கூட்டை நினைவூட்டும். தொற்று தீர்ந்தபின் எடுக்கும் படத்தில் அந்தத் ‘தேன்கூடு’ காணாமற்போகும்.

இது தொடக்கநிலையினரை மட்டும் தடுமாறச்செய்யும் செய்தி அன்று. 2013இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், 43 பேர் 80 சி.டி. படங்களைப் பார்த்து அவற்றில் தேன்கூடு உள்ளதா என்று மதிப்பிட்டனர்; அவர்களிடையே ஒத்த கருத்து மிதமான அளவிலேயே இருந்தது. கருத்து வேறுபட்ட படங்களில், இழுவை விரிவோடு கலந்த தேன்கூடு, பெரிய குழிகள், எம்ஃபிசீமாவின் மேல் படிந்த தழும்பு ஆகியவையே குழப்பத்துக்குக் காரணமாயின. உறுதியாகத் தெரியாத இடத்தில் ‘தேன்கூடு’ என்று துணிந்து எழுதுவதைவிட, கண்டதைக் கண்டபடி எழுதுவதே நேர்மை. தேன்கூடு அடிப்பகுதியிலும் விளிம்பிலும் மிகுந்து தெளிவாக இருந்தால் அந்தத் தோற்றத்துக்கு யு.ஐ.பி. என்று பெயர், தேன்கூடு இல்லாமல் அதே பரவலில் வலைப்பின்னலும் இழுவை விரிவும் இருந்தால் ‘யு.ஐ.பி.யாக இருக்கக்கூடியது’ என்ற தனி வகையே உண்டு. 2022இல் திருத்தப்பட்ட பன்னாட்டு வழிகாட்டுதல், பொருத்தமான நோயாளியிடம் இந்த இரண்டு வகைகளையும் ஏறத்தாழ ஒரேவிதமாகவே நடத்துகிறது. திசு எடுத்துப் பார்க்காமலேயே முடிவுக்கு வரப் பெரும்பாலும் இயலும். ஆகையால் இல்லாத தேன்கூட்டை வலிந்து காணவேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

கற்பிப்பதற்காக அமைத்த ஒரு நோயாளியைக் கொண்டு இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். அவருக்கு வயது 67. முன்னர் 25 ஆண்டுகள் புகைபிடித்தவர். ஒன்றரை ஆண்டாக வறட்டு இருமலும் மாடிப்படி ஏறுகையில் மூச்சிரைப்பும் உள்ளன. முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற ஒலி கேட்கிறது. மூட்டுவலி இல்லை, புறா வளர்ப்பு, ஏர் கூலர், பூஞ்சை படிந்த வீடு ஆகிய எதுவும் இல்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டுக் குறித்தது சடங்குக்காக அன்று. இந்தியாவில் 27 மையங்களில் 1,084 நோயாளிகளைச் சேர்த்து 2017இல் வெளியான, ஐ.எல்.டி. எனப்படும் நுரையீரல் இடைத்திசு நோய்களின் பதிவேட்டில், ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஒவ்வாமையால் வரும் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ்தான் காணப்பட்டது. அவர்களில் பலர் ஏர் கூலருக்கு ஆட்பட்டிருந்தனர். அந்த நோயும் முற்றினால் தேன்கூட்டை உண்டாக்கும். முடக்குவாதத்தோடு வரும் நுரையீரல் நோயும் உண்டாக்கும். தேன்கூட்டைக் கண்டவுடன் ஐ.பி.எஃப். என்று எழுதிவிட முடியாது என்பது இதனால்தான்.

படத்தை மேலிருந்து பார்த்து வருகிறோம். மூச்சுப் பெருங்குழலின் பின்சுவர் புடைத்திருக்கிறது. மூச்சு நன்றாக இழுக்கப்பட்டுள்ளது. மேல் பகுதியில் இருபுறமும் உறையை ஒட்டி, மெல்லிய சுவருடன் 12 முதல் 20 மி.மீ. வரையிலான குழிகள் ஒரே வரிசையாக உள்ளன. அருகில் கோடுகளோ இழுவையோ இல்லை. இது எம்ஃபிசீமா. கீழே இறங்க இறங்க விளிம்பில் வலைப்பின்னல் தொடங்குகிறது. வலது அடிப்பகுதியின் பின்புறத்தில் 4 முதல் 6 மி.மீ. அளவுள்ள குழிகள், தடித்த பொதுச் சுவர்களோடு மூன்று அடுக்காக இருக்கின்றன; மேலும் கீழும் நகர்த்தினால் கிளைவிடாமல் மூடிக்கொள்கின்றன. இது தேன்கூடு. அதற்கு உட்புறமாக ஒரு மங்கல். அதற்குள் மெலியாமல் நெளிந்து செல்லும் இரண்டு மூச்சுக்கிளைகள் தெரிகின்றன. இது மங்கலின் உருவில் உள்ள தழும்பு. இடது அடிப்பகுதியிலும் பின்புறம் ஒரு மங்கல் பட்டை இருக்கிறது. அதில் இழுவை இல்லை. குப்புறப் படுக்கவைத்து எடுத்த படத்தில் இடப்புறப் பட்டை மறைந்துவிட்டது. வலப்புறம் இருந்தது அப்படியே நின்றது. ஆக, ஒரே படத்தில் இரண்டு வகைக் குழிகளும் இரண்டு வகை மங்கல்களும் இருந்தன. அவற்றில் நோயின் பெயரைத் தீர்மானித்தவை வலப்புற அடியில் இருந்த தேன்கூடும் இழுவை விரிவும் மட்டுமே. யு.ஐ.பி. தோற்றம், வேறு காரணம் இன்மை, இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைப் பல துறை மருத்துவர்கள் சேர்ந்து பரிசீலித்து ஐ.பி.எஃப். என்று முடிவு செய்து, தழும்பு பரவுவதை மெதுவாக்கும் நின்டெடானிப் மருந்தைத் தொடங்கினர்.

எட்டு மாதங்கள் கழித்து அதே நோயாளி, பத்து நாள்களில் மூச்சிரைப்பு கடுமையாகக் கூடிவிட்ட நிலையில் வருகிறார். புதிய படத்தை முன்னதன் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். அருகே வைக்காமல் படித்தால் பழைய மங்கலும் புதிய மங்கலும் ஒன்றாகிவிடும். தேன்கூடு இருந்தபடியே இருக்கிறது. ஆனால் முன்பு தெளிவாக இருந்த நடுப்பகுதியிலும் மேல்பகுதியிலும் இருபுறமும் பரவலான மங்கல் தோன்றியுள்ளது. அதற்குள் செல்லும் மூச்சுக்கிளைகள் இயல்பாக மெலிந்து செல்கின்றன. முதல் படத்தின் வலப்புற மங்கலும் இதுவும் நிறத்தில் ஒன்றே. பொருளில் முற்றிலும் வேறு. இது சில நாள்களில் வந்தது. நுண்ணறைகளுக்கு நேர்ந்த புதிய காயமாக இருக்கலாம். தழும்பு நோய் உள்ளவரிடம், ஒரு மாதத்துக்குள் இப்படி மூச்சிரைப்பும் இருபுறப் புதிய மங்கலும் சேர்ந்து வந்தால், அதை நோயின் கடுந்தீவிரம் என்று அழைக்கிறார்கள். உயிருக்கு மிகவும் ஆபத்தான கட்டம் அது.

எனினும் அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன் இதயச் செயலிழப்பால் சேர்ந்த நீரை விலக்கியாக வேண்டும். அதற்குப் படத்திலேயே சில தடயங்கள் உண்டு: நுரையீரலின் நுண்மடல்களைப் பிரிக்கும் மெல்லிய சுவர்கள் வழவழப்பாகத் தடித்திருப்பது, இருபுறமும் நுரையீரலைச் சுற்றி நீர் தேங்குவது, இதயம் பெரிதாகியிருப்பது. இந்த நோயாளியிடம் இவை எவையும் இல்லை. இதயத்தின் எக்கோ பரிசோதனையும் இயல்பாகவே இருந்தது. கான்ட்ராஸ்ட் செலுத்தி எடுத்த படத்தில் நுரையீரல் தமனிகளில் இரத்தக் கட்டியும் இல்லை. எஞ்சிய கேள்வி கிருமித்தொற்று. கடுந்தீவிரத்தின் மங்கலையும், வைரஸ் அல்லது நிமோசிஸ்டிஸ் பூஞ்சையால் வரும் மங்கலையும் படத்தை மட்டும் கொண்டு பிரிக்க எந்த நிபுணராலும் இயலாது. ஒரு தொற்றே கடுந்தீவிரத்தைத் தூண்டிவிடுவதும் உண்டு. ஆகவே அந்த இடத்தில் சி.டி. அறிக்கை ‘பழைய யு.ஐ.பி. தழும்பின் மேல் இருபுறமும் புதிதாகத் தோன்றிய பரவலான மங்கல்; நீர்த்தேக்கத்தின் அடையாளங்கள் இல்லை; கடுந்தீவிரமோ தொற்றோ இருக்கலாம்’ என்று முடிய, சளி மற்றும் இரத்தப் பரிசோதனைகளின் முடிவுக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே இரண்டுக்குமான மருத்துவம் தொடங்கப்படுகிறது.